ரோதை முனியும் ஒரே தெய்வமும்

ஐயா, வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன், முருகன், தேயிலை ஆலையின் எந்திரச் சக்கரத்துக்குக் காவலான ரோதை முனி, செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் காவலான கவ்வாத்துச்சாமி எல்லாருக்கும் தனித்தனிப் பூசை உண்டு. முனிக்குச் சேவல் அறுத்துச் சுருட்டு வைக்கும் என் அப்பாயியே "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று சொல்வார். கூட வேலை செய்யும் நண்பரோ, மற்ற மதத்தாருக்குப் பதில் சொல்வதற்காகப் பிற்காலத்தில் கட்டிய சமாளிப்பு இது என்கிறார். உண்மையா? ஒன்றுதான் என்றால் முனிக்குச் சேவல், முருகனுக்குப் பால் ஏன்?

அன்புள்ள தம்பி,

சமாளிப்பு இல்லை. வெளியாள் யாரும் கேட்பதற்கு முன்பே உள்ளுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி இது. மிகப் பழைய உபநிடதங்களில் ஒன்றான பிருகதாரண்யகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ஜனக மன்னனின் அவையில் சாகல்யர் என்பவர் யாக்ஞவல்கியரைக் கேட்கிறார்: "தேவர்கள் எத்தனை பேர்?" முந்நூற்று மூவர், மூவாயிரத்து மூவர் என்று பதில் வருகிறது. "சரி, உண்மையில் எத்தனை பேர்?" 33. "சரி, உண்மையில் எத்தனை?" ஆறு. இப்படியே மூன்று, இரண்டு, ஒன்றரை என்று இறங்கிக் கடைசியில் ஒன்று.

சாகல்யர் அதோடு விடவில்லை, ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்குக் கேட்கிறார். அந்த ஆயிரங்கள் முப்பத்துமூவரின் மகிமைகள்தாம் என்கிறார் யாக்ஞவல்கியர். முப்பத்துமூவரில் வசுக்கள் எட்டுப் பேர்: தீ, மண், காற்று, இடைவெளி, சூரியன், வானுலகு, நிலவு, விண்மீன்கள். உலகம் முழுதும் இவற்றில்தான் இருக்கிறது. ருத்திரர் பதினொருவர் நம் உடம்பின் பத்துப் பிராணன்களும் பதினோராவதான ஆன்மாவும். அவை உடலைவிட்டுப் போகும்போது உற்றாரை அழவைக்கின்றன, அதனால்தான் ருத்திரர் என்ற பெயர். ஆதித்தியர் பன்னிருவர் பன்னிரண்டு மாதங்கள். மிச்சம் இந்திரனும் பிரஜாபதியும். ஆறு என்றால் வசுக்களில் நிலவையும் விண்மீன்களையும் விட்டு மற்றவை. மூன்று என்றால் அவை எல்லாம் அடங்கும் மூன்று உலகங்கள். இரண்டு என்றால் அன்னமும் பிராணனும். ஒன்றரை, வீசும் காற்று. ஒன்று, பிராணன். அதுவே பிரம்மம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "ஆறு" என்று சொல்லும்போது "33 தப்பு" என்று அவர் சொல்லவேயில்லை. இவை எதில் நிற்கின்றன என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு படியாக உள்ளே போகிறார். மேலே எண்ணிய தேவர் யாரும் பொய்யாகிப் போகவில்லை. அவர்கள் எதைப் பற்றி நிற்கிறார்களோ அது ஒன்று என்று தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் நண்பர் "ஒன்று" என்றதும் மற்றவை எல்லாம் வெறும் வேஷம் என்று எடுத்துக்கொள்கிறார் போலிருக்கிறது. உபநிடதத்தின் ஒன்று அப்படிப்பட்டதல்ல.

சேவலுக்கு வருவோம். இதற்கு நம் தமிழ்ச் சைவத்தில் நேரான பதில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் எழுதினார்: "யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வமாகி யாங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்." நீ எந்தத் தெய்வத்தை எடுத்துக்கொண்டாலும் அந்தத் தெய்வமாகவே சிவன் அங்கு வருவான். இந்த வரியை மட்டும் மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். பாட்டு மேலே போகிறது: மற்றத் தெய்வங்கள் துன்பப்படும், இறக்கும், பிறக்கும், வினையும் செய்யும். இவை இல்லாதவன்தான் அறிந்து அருள முடியும்.

ஆக, முனியும் சிவனும் ஒரே படியில் நிற்பதாகச் சித்தியார் சொல்லவில்லை. முனிக்கு முனியின் குணம், முனியின் எல்லை, முனியின் படையல். ரோதை ஓடும் தேயிலை ஆலையில் கை கால் போகாமல் காக்க வேண்டும் என்ற பயத்தோடு ஒருவர் கும்பிடுகிறார். அந்தக் கும்பிடு போய்ச் சேரும் இடமும் பலன் வரும் இடமும் ஒன்று. சேவலும் பாலும் வேறு வேறாக இருப்பது கும்பிடுகிறவரின் தேவையாலும் அந்தத் தெய்வத்தின் இயல்பாலும். உங்கள் அப்பாயி சொன்னதில் முரண் ஏதுமில்லை.

எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள் என்றும் நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள். துவைதம் சொன்ன மத்வர் ஒப்பவில்லை. தேவர்கள் விஷ்ணுவிலிருந்து நிஜமாகவே வேறானவர்கள், என்றும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பது அவர் கட்சி. அத்வைதம் சொன்ன சங்கரர் வழியில் போனாலோ கடைசி நிலையில் உருவமும் பெயரும் நிற்காது. ஒன்று என்பதற்குள்ளேயே இத்தனை வழக்கு இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். தோட்டக் கோயிலைப் பெரிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்யும்போது, "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்லியே முனியின் கல்லை எடுத்து வெளியே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாக்ஞவல்கியர் ஒன்றைச் சொல்ல அந்த மூவாயிரத்து மூவரில் யாரையும் வெளியே அனுப்பவில்லை. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு பேச்சு வந்தால், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சித்தியார் பாட்டை முழுதாகப் படித்துக் காட்டுங்கள், பாதியோடு நிறுத்தாமல்.

அன்புடன்.