"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பில்லும் மாவட்ட ஆணையமும்

கேள்வி: மதுரையில் இருக்கும் என் அக்கா சென்னைக் கடை ஒன்றில் 18,500 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினார். பத்தாம் நாளே டிரம் சுற்றவில்லை. கேட்டால், பில்லில் அச்சடித்திருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டுகிறார்கள். நஷ்ட ஈடும் சேர்த்து ஒரு லட்சம் கேட்டால் எந்த ஆணையம்? சென்னைக்குத்தான் போக வேண்டுமா? நான் பி.காம். இரண்டாம் ஆண்டு, தேர்வுக்கும் உதவும்.

பதில்: அந்த வரியை நம்பித்தான் பலர் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருந்தால் அதற்குள்ளும், போடவில்லை என்றால் 30 நாளுக்குள்ளும் கடைக்காரர் திருப்பித் தர வேண்டும். "பெறப்படாது" என்பது கெடு எதையும் சொல்லவில்லை. எனவே 30 நாள் விதியே பொருந்தும் என்று வாதிடுங்கள். ஆனால் "குறையுள்ள" என்ற சொல்லில்தான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இந்த உட்பிரிவு உதவாது.

ஆகவே குறையை நிரூபிக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்தால், என்ன கோளாறு என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போனால் பிறகு "தவறாகப் பயன்படுத்தினீர்கள்" என்பார்கள். கடையோடு தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் பழியை மற்றவர் மேல் போடுவார்.

அடுத்து, எந்த ஆணையம். 1986 சட்டத்தில் பொருளின் விலையையும் கேட்கும் நஷ்ட ஈட்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். இப்போது கொடுத்த விலை மட்டுமே கணக்கு. அக்கா கேட்பது ஒரு லட்சமானாலும் அளவுகோல் 18,500தான். மாவட்ட ஆணையம், கட்டணமே இல்லை (5 லட்சம் வரை இப்படித்தான்). இதே கேள்வியைத் தேர்வில் 48 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட், 15 லட்சம் நஷ்ட ஈடு என்று மாற்றிக் கேட்கலாம். கூட்டி 63 லட்சம், மாநில ஆணையம் என்று எழுதினால் தவறு. 48 லட்சம் மாவட்ட வரம்புக்குள் வரும். சட்டத்தில் அந்த வரம்பு ஒரு கோடி என்றிருந்தது. 2021 விதிகள் அதை 50 லட்சமாகக் குறைத்தன. பழைய கைடு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

சென்னைக்குப் போகத் தேவையில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்கிறது பிரிவு 34. மதுரை போதும்.

நோட்டீஸ் கிடைத்த கடை 30 நாளில் பதிலுரை தர வேண்டும். ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. அக்காவுக்கும் கெடு உண்டு, இரண்டு ஆண்டு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அந்தக் கடிகாரம் நிற்காது.