சீனியரிடம் ரெஃபரல் கேட்கும் முறை: நான்கு வரிச் சுருக்கமும் சரியான இணைப்பும்

கேள்வி: வேலூரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, இரண்டு வருடமாக ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் எனக்கு ஆறு வருடம் முன்னால் படித்த அண்ணா ஒருவர் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை செய்கிறார். பேசிப் பழக்கமில்லை. “உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்” என்று லிங்க்ட்இன்னில் அனுப்பினேன். பார்த்திருக்கிறார், பதில் இல்லை. அவருடைய அம்மா குடியாத்தத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அப்பா நேரில் போய்ப் பேசட்டுமா என்கிறார். என்ன செய்யலாம் மேடம்?

பதில்: அவருக்கு உதவ மனமில்லை என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், அவர் முதலில் தம் நிறுவனத்தின் உள்தளத்தைத் திறந்து காலியிடங்களைத் தேட வேண்டும். நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்பதே தெரியாத நிலையில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஊகிக்க வேண்டும். பிறகு உங்களிடம் சுயவிவரம் கேட்டு வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் கைப்பேசியைப் பார்க்கிற ஒருவர், இதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

ஓர் ஊழியர் தம் நிறுவனத்தின் காலியிடத்துக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும் இந்த ரெஃபரல் அவர் பக்கத்தில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை அனுப்ப வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்கள் பலவற்றில் இதற்கென ஓர் உள்படிவம் இருக்கிறது. அதில் ஊழியர் நிரப்ப வேண்டியவை சில மட்டுமே: எந்தப் பணியிடம் என்பதற்கான எண், உங்கள் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண், சுயவிவரக் கோப்பு, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கான விடை, இவரை ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்கும் ஒரு சிறு கட்டம். இவ்வளவும் அவர் கையில் தயாராக இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒன்று குறைந்தாலும் அது ஒரு வாரம் தள்ளிப்போகும்.

இங்கே வரிசை மிக முக்கியம். பலர் முதலில் நிறுவனத்தின் தளத்தில் தாமே விண்ணப்பித்துவிட்டு, பிறகு சீனியரைத் தேடிப் போகிறார்கள். விண்ணப்பதாரரின் மின்னஞ்சல் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பல நிறுவனங்களில் அதன் பிறகு வரும் ரெஃபரலை மென்பொருள் ஏற்பதில்லை. சில நிறுவனங்கள் இதற்கென மாதக்கணக்கில் ஒரு கால வரம்பே வைத்திருக்கின்றன. எனவே முதலில் கேளுங்கள். விண்ணப்பத்தைச் சில நாள் நிறுத்தி வையுங்கள். ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அதை மறைக்காமல் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் படிவத்தை நிரப்பி முடித்த பிறகு அது நிராகரிக்கப்படும், இரண்டாம் முறை அவரிடம் கேட்க உங்களுக்கும் கூச்சமாக இருக்கும்.

அடுத்தது இணைப்பு. வேலைவாய்ப்புத் தளங்களில் பார்த்த விளம்பரத்தின் இணைப்பையோ, வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தையோ அனுப்பக் கூடாது; அவற்றில் பெரும்பாலும் பணியிட எண் இருக்காது, சில நேரம் அந்த இடமே நிரம்பியிருக்கும். நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்திற்குப் போய் அந்தப் பணியிடத்தைத் திறந்து, அங்கிருக்கும் முகவரியை எடுங்கள். அது இப்படி இருக்கக்கூடும்:

```
https://careers.example.com/job/45871?utm_source=whatsapp
```

கேள்விக்குறியில் தொடங்கும் பகுதி நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பதைக் குறிக்கும் வால்தான், அதை வெட்டிவிடலாம். ஆனால் சில தளங்களில் பணியிட எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாமல், வெட்டிய முகவரியை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒட்டித் திறந்து பாருங்கள். உள்நுழையச் சொல்லாமல் அதே பணியிடம் திறந்தால் அது சரியான இணைப்பு. அதனோடு பணியின் பெயர், எண், ஊர் மூன்றையும் தனியாகவும் எழுதுங்கள். வெளித்தள இணைப்பு அவருடைய உள்தளத்தில் திறக்காவிட்டாலும், எண்ணை வைத்துத் தேடி எடுத்துவிடுவார். ஒரே நேரத்தில் நான்கைந்து பணியிடங்களை அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் எது பொருந்தும் என்று பார்க்கும் வேலை மறுபடியும் அவர் தலையில் விழும். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

இனி சுருக்கம். அதிக நேரம் செலவிட வேண்டியது இதற்குத்தான். ‘ஏன் பரிந்துரைக்கிறீர்கள்’ என்ற கட்டத்தில் அவர் அப்படியே ஒட்டக்கூடிய வகையில், உங்களைப் பற்றிப் படர்க்கையில் நான்கு வரிக்குள் எழுதுங்கள். சுயவிவரத்தின் தொடக்கத்தில் போடும் “கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்” போன்ற வரிகளுக்கு இங்கே இடமில்லை. விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் முதலில் கேட்கும் இரண்டு மூன்று தகுதிகளுக்கு மட்டும் உங்கள் வேலையிலிருந்து சான்று காட்டுங்கள். உங்கள் நிலைக்கு ஏற்ற ஒரு பணியிடத்தை எடுத்துக்கொள்வோம். சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் பதவிக்கான விளம்பரம் இரண்டாண்டு அனுபவம், பாகங்களுக்கு வாடிக்கையாளர் ஒப்புதல் பெறுவதற்கான பி.பி.ஏ.பி. ஆவணங்களில் பழக்கம், சப்ளையர் தொழிற்சாலைகளுக்குச் சென்று தணிக்கை செய்த அனுபவம் ஆகிய மூன்றையும் கேட்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன, மூன்றாவது இல்லை என்றால் சுருக்கம் இப்படி அமையலாம்:

“மெக்கானிக்கல் பட்டதாரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டாண்டாக உள்வரும் பொருள் சோதனையைக் கவனிக்கிறார். புதிய பாகங்களுக்கான பி.பி.ஏ.பி. ஆவணங்களைத் தயாரித்து, வாடிக்கையாளர் ஒப்புதல் கிடைக்கும் வரை பின்தொடர்ந்திருக்கிறார். சப்ளையர் தணிக்கையைத் தனியாகச் செய்ததில்லை. மூத்த பொறியாளருடன் உடன் சென்றிருக்கிறார்.”

தணிக்கையைத் தனியாகச் செய்ததில்லை என்ற வாக்கியத்தை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். அந்தக் கட்டத்தின் கீழே இருப்பது அவருடைய பெயர். இல்லாத அனுபவத்தை இருப்பதுபோல் எழுதி, நேர்காணலில் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டால், உங்களைவிட அவருக்குத்தான் சங்கடம் அதிகம். அடுத்த முறை உங்கள் கல்லூரியிலிருந்து யார் கேட்டாலும் அவர் தயங்குவார். உடன் சென்றதுகூட இல்லையென்றால் அதையும் எழுத வேண்டாம். நிறுவனத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவது அவருக்கு எளிது. அவரோடு பேசும் செய்தி தமிழில் இருப்பதில் தவறே இல்லை.

முழுச் செய்தியும் கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. நம் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் உங்களுக்கு ஆறு வருடம் பின்னால் படித்தவள் நான். முன்பு பொதுவாக வேலை கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். இப்போது குறிப்பாக ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் நிறுவனத்தில் சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர், எண் 45871, ஒரகடம் என்ற பணியிடத்தைப் பார்த்தேன். இணைப்பும், நான்கு வரிச் சுருக்கமும், சுயவிவரமும் கீழே இருக்கின்றன. பார்த்துவிட்டுப் பொருந்தும் என்று தோன்றினால் என்னைப் பரிந்துரைக்க முடியுமா? நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து, அதன் பிறகு நேரடியாக விண்ணப்பித்துக்கொள்கிறேன். இயலாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா.”

நம் ஊர்க் கல்லூரிகளில் சீனியரை அண்ணா, அக்கா என்று அழைப்பது வழக்கம்தான் என்பதால் ஆறு வருட இடைவெளிக்கு அது பொருந்தும். இருபது வருடம் மூத்தவராக இருந்தால் சார், மேடம் என்றே தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறிப்பதால் அவருக்கு ஒரு கெடு தெரிகிறது, பதில் வராவிட்டால் உங்கள் விண்ணப்பமும் முடங்கிக் கிடப்பதில்லை. விளம்பரத்தின் கடைசித் தேதி அதற்கு முன்பே என்றால் அந்த நாளைக் குறிப்பிடுங்கள். சுயவிவரத்தைப் பி.டி.எஃப். ஆக, உங்கள் பெயரையே கோப்பின் பெயராக வைத்து இணையுங்கள். அதிலுள்ள மின்னஞ்சலும் நீங்கள் பிறகு விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டும் வேறுவேறாக இருந்தால் ரெஃபரல் உங்கள் விண்ணப்பத்தோடு இணையாமல் போகலாம். ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்விக்கு அவர் என்ன விடை தருகிறார் என்பது அவர் விருப்பம். நெருங்கிப் பழகியவர் என்று எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். அக்கறையில் சொல்கிறார், ஆனால் அது உங்களுக்கு உதவாது. பணியிட எண்ணும் சுருக்கமும் அம்மா வாய்வழியாகப் போய்ச் சேராது. போய்ச் சேருவது “அடுத்த தெரு பெண்ணுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுப்பா” என்ற வேண்டுகோள் மட்டுமே. அதற்கு மறுப்புச் சொல்ல முடியாத இக்கட்டில் மகனை நிறுத்தினால், அவர் சரி என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். லிங்க்ட்இன்னில் அவர் அடிக்கடி வருவதில்லை என்று தெரிந்தால், அப்பா அந்த அம்மாவிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம்: மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பலாமா, மகனைக் கேட்டுவிட்டு எண் தர முடியுமா என்று. வேலைப் பேச்சை அங்கே எடுக்கவே வேண்டாம்.

பதில் வராவிட்டால் வெள்ளிக்கிழமைக்கு ஓரிரு நாள் முன்பு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கு மேல் வேண்டாம். பணம் கொடுத்தால் ரெஃபரல் போட்டுத் தருகிறேன் என்று வேறு யாராவது வந்தால் பதிலே எழுதாதீர்கள். ராணிப்பேட்டை பெல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் நிரந்தரப் பணிகளுக்கு இந்த வழி கிடையாது. அங்கே அறிவிப்பும் தேர்வு முறையும்தான்.

அவர் ஒப்புக்கொண்டு படிவத்தை அனுப்பிவிட்டால், பல நிறுவனங்களில் உங்களுக்குத் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வரும். அதிலுள்ள இணைப்பின் வழியாக நீங்கள் விண்ணப்பத்தை நிறைவு செய்தால்தான் ரெஃபரல் செல்லுபடியாகும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழுவதும், அதன் இணைப்பு சில நாட்களில் காலாவதியாவதும் உண்டு. எனவே அவர் ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொன்ன அன்றே இரண்டு பெட்டிகளிலும் தேடுங்கள். மறுநாள் வரை ஒன்றும் வராவிட்டால், எந்த மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தார் என்று அவரிடம் கேளுங்கள். ஓர் எழுத்துப் பிழைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். விண்ணப்பித்து முடித்ததும் ‘முடித்துவிட்டேன் அண்ணா, நன்றி’ என்று ஒரு வரி அனுப்புங்கள். அதன் பிறகு தேர்வு அவர் கையில் இல்லை. நேர்காணலுக்கு ஏன் இன்னும் அழைக்கவில்லை என்று அவரிடம் விசாரிப்பதால் பயனில்லை. ‘அந்த இடம் நிரம்பிவிட்டது’ என்று அவர் பதில் சொன்னால், பொருத்தமான வேறு இடம் வரும்போது புதிய எண்ணையும் இணைப்பையும் அதே உரையாடலில் அனுப்புங்கள். சுருக்கத்தைப் புதிய விளம்பரத்துக்கு ஏற்ப மாற்ற மட்டும் மறக்க வேண்டாம்.