பங்குதாரரின் லாபப் பங்குக்கு மறுபடி வரி உண்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் நண்பருடன் சரிபாதிக் கூட்டாக அரிசி ஆலை நடத்துகிறேன். ஆலைக் கணக்கில் என் பெயரில் 5,80,160 ரூபாய் வரவாகியிருக்கிறது. முழுவதும் என் வருமானமா?

வரி கணக்கிட வேண்டியது அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே. லாபப் பங்கு என்பது கூட்டு நிறுவனம் தன் வரியைக் கட்டிய பிறகு மிஞ்சுவதில் பங்குதாரருக்கு வருவது. ஆலையில் அரவைக் கூலி கொடுத்து வாங்கிய அரிசிக்கு வீட்டு வாசலில் மறுபடி கூலி கேட்பதில்லை அல்லவா? அதனால்தான் அதற்கு விலக்கு.

உதாரணமாக, ஆலையின் லாபம் 10 லட்சம் என்று வையுங்கள். உங்கள் சம்பளம் 3 லட்சமும் முதலுக்கான வட்டி 60,000 ரூபாயும் செலவாகக் கழிகின்றன. மீதி 6,40,000 ரூபாய்க்கு ஆலை 30 சதவீத வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்டுகிறது. மிஞ்சுவதில் பாதி, 2,20,160 ரூபாய், உங்களுக்கு விலக்குள்ள வருமானம். சம்பளத்துக்கும் வட்டிக்கும் ஆலை வரி கட்டவில்லை. ஆகவே அந்த 3,60,000 ரூபாய் உங்கள் கணக்கில் வரிக்கு உட்படும்.

சிக்கல் வட்டியில்தான் வரும். 12 சதவீதத்துக்கு மேல் கொடுத்த வட்டியை ஆலை கழிக்க முடியாது; அந்த மிகைக்கு ஆலையே வரி கட்டிவிடுவதால் நீங்கள் கட்டத் தேவையில்லை.

பெயர் சம்பளம் என்றிருப்பதால் பலர் அதை மாதச் சம்பளக்காரரின் வருமானமாகக் காட்டி நிலைக் கழிவும் கேட்கிறார்கள். சட்டப்படி அது தொழில் வருமானம், அந்தக் கழிவு கிடையாது.