பி வைரஸ் அடங்கியும் எஸ்.ஜி.பி.டி. ஏறுவது ஏன்?

"திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். அண்ணனுக்கு வயது 38. ஆறு வருடம் முன்பு ரத்ததான முகாமில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. மூன்று வருடமாக டெனோஃபோவிர் விடாமல் சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றே ரிப்போர்ட் வருகிறது. ஆனால் நாலு மாதமாக, ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 160, 190 என்று நிற்கிறது. குடிப்பழக்கம் இல்லை. டாக்டர் 'டெல்டா' டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார். நம்ம டெல்டா மாவட்டத்தில் பரவுவதா இது? அவசியம் எடுக்கணுமா?"

அவசியம் எடுங்கள். உங்கள் டாக்டர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். பெயருக்கும் காவிரிக்கும் சம்பந்தம் இல்லை. 1977-ல் இத்தாலியில் மரியோ ரிசெட்டோ, பி வைரஸ் உள்ளவர்களின் கல்லீரல் செல்லில் புதிதாக ஒரு புரதத்தைக் கண்டு அதற்கு டெல்டா என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார். வாய்க்கால் தண்ணீரிலோ சாப்பாட்டிலோ இது வராது. ரத்தம், உடலுறவு ஆகிய வழிகளில்தான் வரும்.

அந்தப் புரதத்துக்கு உரிய டெல்டா, மிகச் சிறிய வைரஸ். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்துவிட்டால், அந்தச் செல்லின் இயந்திரத்தையே பயன்படுத்தித் தன் ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிக்கொள்ளும். ஆனால் வெளியே வந்து அடுத்த செல்லுக்குப் போக அதற்கு மேலே ஒரு சட்டை வேண்டும். அந்தச் சட்டையைத் தைக்க அதற்குத் தெரியாது. பி வைரஸின் மேலுறைப் புரதத்தைத்தான், அதாவது ரிப்போர்ட்டில் 'ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் பாசிட்டிவ்' என்று நீங்கள் பார்க்கும் அதே பொருளைத்தான், எடுத்துப் போர்த்திக்கொள்கிறது. பி இல்லாதவரிடம் டெல்டா நிலைக்காததற்குக் காரணம் இதுதான்.

அண்ணனின் ரிப்போர்ட் குழப்புவதும் இதனால்தான். டெனோஃபோவிர் பி வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதைத் தடுக்கும். மேலுறைப் புரதம் உற்பத்தியாவதை நிறுத்தாது. வைரஸ் எண்ணிக்கை இல்லை என்று வந்தாலும் சட்டை தைக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கும். போதாததற்கு, டெல்டாவே பி வைரஸை அமுக்கி வைக்கும் குணம் உடையது. அதனால் பி அடங்கியும் எஸ்.ஜி.பி.டி. ஏறினால் டெல்டாவைச் சந்தேகிக்க வேண்டும். ஈரல் கொழுப்பும், மஞ்சள் காமாலைக்கென்று சாப்பிடும் சில நாட்டு மருந்துகளும்கூட இப்படி ஏற்றலாம். அவர் எதையாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வைரஸும் ஒரே சமயத்தில் தொற்றினால் அந்தக் காமாலை கடுமையாக இருக்கும், சிலருக்கு ஈரல் செயலிழக்கவும் செய்யும். ஆனால் அதைத் தாண்டிவிட்ட பெரியவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பு பி-யை விரட்டிவிடும், சட்டை கிடைக்காமல் டெல்டாவும் போய்விடும். ஏற்கெனவே பி நிலைத்துவிட்டவருக்குப் பிறகு டெல்டா வந்தால் கதை வேறு. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயலில் நாற்று நட்டதுபோல, ஈரல் முழுக்கச் சட்டை தயாராகக் கிடக்கிறது. வேர் பிடித்ததும் டெல்டா ஈரலெங்கும் பரவுகிறது. இவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் டெல்டாவும் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பாதித்த செல்களை உடம்பின் எதிர்ப்புப் படை ஓயாமல் தாக்குவதால் ஈரல் தழும்பேறுகிறது. பி மட்டும் இருந்தால் பல பத்தாண்டுகள் எடுக்கும் ஈரல் சுருக்கம், டெல்டா சேர்ந்தால் பலருக்கு ஐந்து முதல் பத்து வருடங்களிலேயே வருகிறது.

முதலில் டெல்டா ஆன்டிபாடி எடுங்கள். அது நெகட்டிவ் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இப்போதும் இயங்குகிறதா என்று சொல்வது டெல்டா ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். டெல்டா ஆர்.என்.ஏ. ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் இறங்கும். எனவே எஸ்.ஜி.பி.டி. உயர்ந்தே இருந்து ஒரு முறை நெகட்டிவ் வந்தால், சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே ஃபைப்ரோஸ்கேன் எடுத்துத் தழும்பின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆர்.என்.ஏ. இருந்தால் ஈரல் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். பெக் இன்டர்ஃபெரான் ஊசி வாரம் ஒன்றாகச் சுமார் ஒரு வருடம் போடப்படும். ஒரு பகுதியினருக்கே முழுப் பலன் தரும், சிலருக்கு நிறுத்திய பின் திரும்பவும் வரும். ஈரல் ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் இன்டர்ஃபெரான் ஆகாது. வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலையே அடைக்கும் புலெவிர்டைடு ஊசிக்கு 2020-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. மருந்தை மாற்றுகிறேன் என்று டெனோஃபோவிரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி ஒரேயடியாகச் சீறி எழலாம்.

அண்ணி, பிள்ளைகள், உங்களுக்கும் பி டெஸ்ட் எடுத்து, இல்லாதவர்கள் 0, 1, 6-ஆம் மாதங்களில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பி வராதவருக்கு டெல்டா வராது. அண்ணனின் ஷேவிங் பிளேடு, டூத்பிரஷ் தனியாக இருக்கட்டும், ஒரே தட்டில் சாப்பிடுவதில் பயமில்லை.

இதற்கிடையில் அவருக்குக் கண் மஞ்சளாகி, பேச்சில் தடுமாற்றமோ, பகலில் எழுப்ப முடியாத தூக்கமோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.