வாரப் பலகையும் நாளின் கொள்ளளவும்: கேள்வி பதில்

அக்கா, நாளுக்கு ஒரு கட்டம் போட்ட வாரப் பலகை மாட்டி மூன்று வாரம் ஆச்சு. திங்கள் கட்டம் நிறையச் சீட்டு ஒட்டுகிறேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதி அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

உங்கள் சீட்டில் வேலையின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மூலையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்றும் எழுதுங்கள். அப்புறம் ஒரு நாள் கட்டம் எத்தனை மணி தாங்கும் என்பதைப் பலகையின் மேலே எழுதி வையுங்கள். அந்த எண்ணை மனதில் தோன்றியபடி போடக் கூடாது. இப்படி மணி எழுதி ஒரு வாரம் போனதும், அந்த வாரம் முடிந்த சீட்டுகளில் இருக்கும் மணிகளைக் கூட்டி, வேலை பார்த்த நாட்களால் வகுங்கள்.

இரண்டு மணி என்று எழுதிய வேலை மூன்று மணி இழுத்திருந்தாலும் சீட்டைத் திருத்த வேண்டாம், இரண்டாகவே கூட்டுங்கள். குறைத்து மதிப்பிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு குறைத்துப் போடுகிறீர்களோ, அதுவும் சேர்ந்தே அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். எனக்கு நான்கு வருகிறது.

நாளுக்கு நான்கு மணிதானா? நான் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறேனே!

பார்க்கிறீர்கள்தான். கூட்டம், அஞ்சலுக்குப் பதில், அடுத்தவர் கேட்ட சந்தேகம் எல்லாம் அந்த எட்டுக்குள்தான் நடக்கின்றன. அவற்றுக்குச் சீட்டு இல்லை. சீட்டில் ஏறிய வேலைக்கு எஞ்சுவதுதான் கொள்ளளவு. உங்களுக்கு ஐந்தரை வந்தால் ஐந்தரையையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் மூன்று கெடு. புதன் மாலைக்குள் அறிக்கை, வியாழன் மாலைக்குள் விளக்கவுரை, அடுத்த திங்கள் மாலைக்குள் கணக்கு. முடியுமா முடியாதா என்று முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

அறிக்கைக்கு 7 மணி, விளக்கவுரைக்கு 6, கணக்குக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். நாள் கொள்ளளவு 4. வெள்ளியில் 2 மணியைத் திடீர் வேலைக்காகக் காலியாக விடுகிறோம்.

இப்போது ஒவ்வொரு கெடுவிலும் நின்று கூட்டிப் பாருங்கள். புதன் மாலை வரை கையில் 12 மணி, தேவை 7. வியாழன் வரை 16 மணி, தேவை 13. அடுத்த திங்கள் வரை 22 மணி, தேவை 21. முடியும், ஆனால் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு மணி. இந்த நிலையில் யாராவது வந்து 'வியாழனுக்குள் ஒரு சின்ன வேலை, 3 மணிதான்' என்றால், வியாழன் வரை 16க்கு 16 ஆகிவிடும், திங்களுக்கு 22க்கு 24. வேலை கேட்ட அன்றே 'கணக்கு செவ்வாய்க்குத் தள்ளினால்தான் இது நடக்கும்' என்று சொல்லிவிடலாம். வாரக் கடைசியில் போய்ச் சொன்னால் அவர்களுக்கும் மாற்றுவழி இருக்காது.

எது முக்கியமோ அதை முதலில் முடிப்பதுதானே சரி? கெடு வரிசை எதற்கு?

பாதி சரி. கூட்டிப் பார்த்ததில் எல்லாமே கொள்கிறது என்றால், கெடு முந்தியதை முதலில் எடுப்பதுதான் பத்திரம். அந்த வரிசையில் எதுவும் தவறாது. கொள்ளாதபோதுதான் முக்கியம் என்பது பேச்சுக்கு வருகிறது. அப்போது ஒன்றைத் தள்ளியே ஆக வேண்டும். எல்லாம் ஏறக்குறைய சம முக்கியம் என்றால், பெரிய வேலை ஒன்றைத் தள்ளுங்கள். அதன் இடத்தில் இரண்டு மூன்று சின்ன வேலைகள் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அக்கா, வெள்ளைப் பலகையா, கணினியில் வைப்பதா? எனக்கு வேலை நேரமே நிலையாக இல்லை. குழந்தை தூங்கினால்தான் இரண்டு மணி கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை.

எதில் வைத்தாலும் சரி, கண்ணில் படும்படி இருந்தால் போதும். உங்களுக்கு நாள் கட்டங்களே வேண்டாம். வாரத்துக்கு ஒரே கட்டம் போதும். போன மூன்று வாரங்களில் மிகக் குறைவாக முடிந்த வாரம் எதுவோ, அதன் மணியைக் கொள்ளளவாக வையுங்கள். ஒரு சீட்டு ஒரு மணிக்கு மேல் போகாமல் வெட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கிடைத்த நேரத்துக்குள் ஒன்றாவது முடிந்து கீழே இறங்கும்.

ஒரே சீட்டு தினமும் அடுத்த நாளுக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். நகர்த்தும்போதெல்லாம் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்தால் எடுத்துப் படியுங்கள். என் பலகையில் 'ஒப்பந்தம்' என்று ஒரே சொல் எழுதிய சீட்டு நான்கு புள்ளியோடு நின்றது. உட்கார்ந்து யோசித்தால், முதலில் பழைய பிரதியை ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதை நான் எழுதவே இல்லை. 'பழைய பிரதி கேட்டு அஞ்சல்' என்று புதுச் சீட்டு எழுதினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். அந்த மாதிரி கேட்க வேண்டியவற்றைத் திங்கள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.

பிழை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. ஒரு மணியும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். சீட்டில் என்ன எழுத?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் செய்வது, 'இரண்டு மணி தேடுவேன், அதுவரை தெரிந்ததை எழுதி வைப்பேன்' என்று சீட்டு எழுதுவது. நாள் கொள்ளளவு காப்பாற்றப்படுகிறது, கெடு காப்பாற்றப்படுவதில்லை. இதே வேலையில் இருப்பவர்கள் வேறு வழி வைத்திருந்தால் எழுதுங்கள், நானும் போட்டுப் பார்க்கிறேன்.