திமிங்கல அலர்ட் வந்ததும் விற்கலாமா?

“டெலிகிராம்ல ஒரு திமிங்கல அலர்ட் சேனல்ல இருக்கேன். இத்தனை ஆயிரம் பிட்காயின் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்குன்னு வந்ததும் என்கிட்ட இருக்கறதை வித்துட்டு, விலை இறங்கினதும் திரும்ப வாங்கலாம்னு யோசனை. கையில 2 லட்ச ரூபாய்க்கு இருக்கு. சரிப்பட்டு வருமா?”
– வாசகர், பெரம்பூர், சென்னை

திமிங்கலம் எனப்படும் பெரிய கையிருப்புக்காரர்கள் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புவது விற்கத்தான் என்பது உங்கள் ஊகம். ஆனால் அலர்ட்டை மட்டும் வைத்து விற்றால் சரிப்பட்டு வராது. அலர்ட் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அதற்குத் தெரிந்தது மிகக் குறைவு, அவ்வளவுதான். ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு இவ்வளவு போனது என்பது மட்டும் பிட்காயினின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் பதிவாகும். அந்த முகவரிகள் யாருடையவை என்பது அலர்ட் நடத்துபவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலைப் பொறுத்தது. `unknown wallet` என்று வந்தால் பட்டியலில் அந்த முகவரி இல்லை என்று மட்டும் பொருள். அது ஒரு தனி மனிதரின் பெட்டகமாகவும் இருக்கலாம், அதே எக்ஸ்சேஞ்ச் நேற்று உருவாக்கிய புது முகவரியாகவும் இருக்கலாம்.

எக்ஸ்சேஞ்சுக்குள் காசு போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது பிளாக்செயினில் தெரியவே தெரியாது. வாங்குவதும் விற்பதும் எக்ஸ்சேஞ்சின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் நடக்கின்றன. போட்டவர் உடனே விற்றாரா, ஃபியூச்சர்ஸில் பிணையாக வைத்து விலை ஏறும் பக்கமே பந்தயம் கட்டினாரா, சும்மா வைத்திருக்கிறாரா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணா சாலையில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு வங்கியின் பண வேன் போவதைப் பார்த்துவிட்டு, யாரோ டெபாசிட்டை முறித்துவிட்டார் என்று முடிவு கட்டுவது போலத்தான் இது.

2024 மே 28 அன்று, திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் சுமார் 1.4 லட்சம் பிட்காயின்கள் நகர்ந்தன. அலர்ட்டுகள் பறந்தன, விலையும் சற்று இறங்கியது. நடந்தது என்னவென்றால், கடன்காரர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்காக மவுண்ட் காக்ஸின் சொந்த முகவரிகளுக்குள்ளேயே மாற்றி வைத்தார்கள். பட்டுவாடா தொடங்கியதே ஜூலையில்தான்.

‘சரி, உண்மையிலேயே விற்கத்தான் அனுப்புகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்?’ என்று கேட்கத் தோன்றும். அப்படியும் ஒரு முறை நடந்தது. ஜெர்மனியின் சாக்சனி மாநிலம் ஒரு திருட்டுப் பட இணையதள வழக்கில் கைப்பற்றிய சுமார் 50,000 பிட்காயினை 2024 ஜூன் நடுவிலிருந்து ஜூலை 12 வரை விற்றது. விற்பவர் யார், மிச்சம் எவ்வளவு, எந்த எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது என எல்லாமே வெளிப்படை. இதைவிடத் தெளிவான அலர்ட் கிடைக்காது.

ஆனால் விலை என்ன செய்தது? ஜூலை 5 அன்று 54,000 டாலருக்கும் கீழே போய் அடியைத் தொட்டது. அன்றைக்கு ஜெர்மன் கையிருப்பில் பெரும்பகுதி, சுமார் 40,000 காயின், இன்னும் மிச்சம் இருந்தது. அடுத்த வாரம் 8 முதல் 12-ஆம் தேதிக்குள் அத்தனையும் வெளியேறியது. 8-ஆம் தேதி ஒரே நாளில் 16,000-க்கும் மேல் அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க விலை ஜூலை 5-இன் அடிக்குக் கீழே போகவில்லை. 12-ஆம் தேதி முடிவில் 57,000-க்கு மேல் இருந்தது. மிகப் பெரிய அலர்ட்டைப் பார்த்து விற்றவர், அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்றிருப்பார். காரணம் எளிது: உங்கள் போனில் வருவது எல்லோருடைய போனிலும் வருகிறது. பெரிய வியாபாரிகளின் நிரல்கள் அதைவிட முன்பே படித்து விற்றுவிடுவதால், அந்த இறக்கம் விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும்.

ஒரு அலர்ட்டை நம்பலாமா என்று இரண்டு நிமிடத்தில் ஓரளவு சோதிக்கலாம். அதிலுள்ள பரிவர்த்தனை எண்ணை mempool.space தளத்தில் ஒட்டுங்கள். இடப்பக்கம் உள்ளே வந்தவை, வலப்பக்கம் வெளியே போனவை. பிட்காயினில் ஒரு முகவரிக்கு வந்த தொகையைப் பாதி எடுக்க முடியாது. முழுதாகச் செலவழித்து மீதிச் சில்லறையைத் தனக்கே திருப்பி அனுப்ப வேண்டும். இடப்பக்கம் 3,000 காயின், வலப்பக்கம் 400 எக்ஸ்சேஞ்சுக்கு, 2,600 புது முகவரிக்கு என்று இருந்தால், அந்த 2,600 பெரும்பாலும் சில்லறை. கவனமில்லாத சேனல் இதையே ‘3,000 பிட்காயின் நகர்ந்தது’ என்று போடும்.

இடப்பக்கம் நூற்றுக்கணக்கான சிறு தொகைகள், வலப்பக்கம் ஒரே முகவரி என்றால் அது பெரும்பாலும் ஒரு திமிங்கலம் இல்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்சேஞ்ச் தனி டெபாசிட் முகவரி தருகிறது. அங்கே சேர்ந்ததை அவ்வப்போது திரட்டித் தன் பொது வாலட்டில் போடுகிறது. பல அலர்ட்டுகள் இந்த இரண்டாவது நகர்வில்தான் அடிக்கின்றன. டெபாசிட் போட்டவர் அதற்குள் விற்றும் முடித்திருக்கலாம்.

இனி உங்கள் 2 லட்சம். ரூபாய் சந்தையில் விற்றால் 1 சதவீத டிடிஎஸ் 2,000 ரூபாய் பிடிப்பார்கள். கட்டணம் 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,000, அதற்கு ஜிஎஸ்டி 180. கையில் 1,96,820. அதை வைத்துத் திரும்ப வாங்கும்போது மறுபடி கட்டணம் போக, சுமார் 1,95,660-க்குத்தான் காயின் கிடைக்கும். அதாவது பழைய அளவு காயினைத் திரும்பப் பெறவே விலை 2.2 சதவீதம் இறங்கியாக வேண்டும். டிடிஎஸ் ரிட்டர்ன் தாக்கலில் வரவாகும், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். டாலர் மதிப்போடு கட்டப்பட்ட யுஎஸ்டிடி காயினுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வாங்கலாம் என்று நினைத்தால் இரண்டு முறையும் டிடிஎஸ் உண்டு. இதற்கு மேல், நீங்கள் 1,20,000-க்கு வாங்கியிருந்தால் 80,000 லாபத்துக்கு 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 24,960 ரூபாய் இந்த ஆண்டே கட்ட வேண்டும். வேறு விற்பனையில் வந்த நஷ்டத்தை இதில் கழிக்கவும் விடமாட்டார்கள்.

அலர்ட்டை மணியடிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணியடித்தால் பார்க்க வேண்டியது எக்ஸ்சேஞ்சுகளின் நிகர வரத்து: உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தது. கடந்த 30 நாள் வழக்கத்தைவிட அது பல நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்து, நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்த விலையும் உடைந்தால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம். ஒற்றை அலர்ட்டுக்கு அந்த எடை கிடையாது.

அப்படியும் மனசு கேட்காவிட்டால், காசு போடாமல் ஒரு எக்செல் தாளில் சோதியுங்கள். அடுத்த 40 அலர்ட்டுகளுக்கு, வந்த நேரத்து விலையை `B` பத்தியிலும் 24 மணி நேரம் கழித்த விலையை `C` பத்தியிலும் எழுதி மாற்றத்தைக் கணக்கிடுங்கள்:

```
=(C2-B2)/B2*100
```

பக்கத்திலேயே, அலர்ட் வராத நாட்களில் அதே நேரங்களுக்கு இன்னொரு 40 வரி எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் ஏமாறுகிறார்கள்; பிட்காயின் எந்த நாளிலும் ஒன்றிரண்டு சதவீதம் இறங்கக்கூடும், அந்த இறக்கத்தை அலர்ட்டின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். முதல் பட்டியலின் சராசரி இறக்கம் இரண்டாவதைவிடத் தெளிவாகக் கூடுதலாகவும் 2.2 சதவீதத்துக்கு மேலும் இல்லையென்றால், சேனலை மியூட்டில் போட்டுவிடலாம்.