சராசரி நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் புகார்?

கேள்வி: துணிப்பை தைத்து ஆன்லைனில் விற்கிறேன். வெறும் பையும் உண்டு, பெயர் அச்சடித்த பையும் உண்டு. "ஒரே நாளில் அனுப்பப்படும்" என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். பேக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியதும் நேரம் குறித்துவைப்பேன். சராசரி பார்த்தால் ஒரு நாள்கூட ஆவதில்லை. ஆனாலும் "இன்னும் அனுப்பலையா?" என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் அனுப்பிய 50 ஆர்டரின் பட்டியலையும் கூரியர் ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். இது போக 2 ஆர்டர் கையில் நிற்கிறது. செவ்வாய், வெள்ளி காலையில் மட்டும் பிரிண்ட் போடுவேன். கூரியர்க்காரர் 4 மணிக்கு வருவார். ஞாயிறு விடுமுறை. எத்தனை நாள் என்று போட்டால் சரியாக இருக்கும்?

பதில்: வெறும் பைக்கு இரண்டு வேலைநாள், பெயர் போட்ட பைக்கு நான்கு வேலைநாள் என்று தனித்தனியாகப் போடுங்கள். இந்த எண்கள் உங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. எப்படி எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியதும் உங்கள் வேலை முடிந்துவிடுகிறது, ஆனால் பார்சல் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. மாலை 6 மணிக்கு ஒட்டிய பார்சல் மறுநாள் 4 மணிக்குத்தான் வெளியே போகிறது. வாங்கியவர் ட்ராக்கிங் எண்ணைத் தட்டிப் பார்க்கும்போது "இன்னும் பார்சல் எடுக்கப்படவில்லை" என்றுதான் வரும். மெசேஜ் வருவது அதனால்தான். ஆகவே கூரியர்க்காரர் ஸ்கேன் பண்ணும் நேரத்தில் கடிகாரத்தை நிறுத்துங்கள். தொடங்குவது பணம் வந்து சேர்ந்த நேரத்தில்.

பட்டியலையும் ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல வரிகளில் ஸ்டிக்கர் ஒரு தேதி, ஸ்கேன் மறு தேதி. கணக்கை ஸ்கேனுக்கு மாற்றியதும் சராசரி 1.16 வேலைநாள் ஆகிவிட்டது. இதுவும் கேட்க மோசமில்லைதான். ஆனால் அன்றன்றைக்கே போன 18 பார்சல்கள் சேர்ந்து ஆறு நாள் கிடந்த ஒரு பார்சலைச் சராசரிக்குள் மறைத்துவிடுகின்றன. புகார் செய்பவர் அந்த ஆறு நாள்காரர். அதனால் சராசரியை ஓரமாக வைத்துவிட்டு, "சொன்ன நாளுக்குள் எத்தனை போனது, எத்தனை போகவில்லை" என்று மட்டும் எண்ணுவோம்.

எண்ணுவதற்கு ஒரு நேர எல்லை வேண்டும். கூரியர் 4 மணிக்கு வருவதால், மதியம் 2 மணிக்குப் பின் வரும் ஆர்டரை அடுத்த நாள் ஆர்டராக வைத்துக்கொள்ளலாம். இதைப் பக்கத்திலும் எழுதிவிடுங்கள், வாங்குபவருக்குத் தெரியாத எல்லை எல்லையே இல்லை. ஷீட்டில் A நிரலில் பணம் வந்த தேதியும் நேரமும், C நிரலில் ஸ்கேன் ஆன தேதி. B நிரலில் கணக்குக்கான தேதி இப்படி வரும்:

```
=INT(A2)+(MOD(A2,1)>TIME(14,0,0))
```

எத்தனை வேலைநாள் ஆனது என்பதை D நிரலில் இப்படிப் போடுங்கள்:

```
=MAX(0,NETWORKDAYS.INTL(B2,IF(C2="",TODAY(),C2),11)-1)
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு. அன்றைக்கே போனால் 0, மறு வேலைநாள் போனால் 1. 3 மணிக்கு வந்த ஆர்டரைச் சுறுசுறுப்பாக 4 மணி கூரியரிலேயே அனுப்பிவிட்டீர்கள் என்றால் கணக்கு மைனஸில் போய்விடும், அதைத் தடுக்கத்தான் MAX.

நடுவில் இருக்கும் TODAY() எதற்கு என்றால், கையில் நிற்கும் அந்த 2 ஆர்டருக்காக. அனுப்பியதை மட்டும் எண்ணினால், அனுப்பாமல் கிடப்பது கணக்கிலேயே வராது. எவ்வளவு மோசமாகத் தாமதமாகிறதோ அவ்வளவு பத்திரமாக அது ஒளிந்துகொள்ளும்! உங்கள் இரண்டில் ஒன்று நேற்று வந்தது, அதற்குக் கெடு இன்னும் வரவில்லை, அடுத்த மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று வந்து ஏழு வேலைநாள் ஆகிவிட்டது. எந்தக் கெடு வைத்தாலும் அது தாமதம்தான். ஆக, கணக்கில் வர வேண்டியவை 50 அல்ல, 51. தாமத விகிதத்தைப் பின்னமாக எழுதினால் விதி இதுதான்: இந்த மாதம் கெடு முடிந்த ஆர்டர்கள் எல்லாம் கீழே, அவற்றில் கெடு தாண்டியவை மேலே. அனுப்பிய மாதத்தை வைத்து எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் "ஒரே நாள்" வாக்குறுதியை இதில் வைத்துப் பார்த்தால், ஒரு வேலைநாளுக்குள் போனது 35, தாண்டியது 16. தாமத விகிதம் 31 சதவீதம். மூன்று பேரில் ஒருவருக்குச் சொன்ன சொல் தவறியிருக்கிறது. ஒப்பிடுவதற்குச் சொல்கிறேன், அமேசான் தன் தளத்தில் தாங்களே பார்சல் அனுப்பும் விற்பனையாளர்களிடம் தாமத விகிதம் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கிறது. உங்கள் சொந்தப் பக்கத்துக்கு அந்த விதி இல்லை, ஆனால் எந்த அளவில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

31 சதவீதத்தைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றுக்கும் "ஒரு வாரம்" என்று போட்டுவிடாதீர்கள். இரண்டு வகைப் பையையும் பிரித்துப் பாருங்கள், விஷயம் தெளிவாகிவிடும்.

வெறும் பை 35 ஆர்டர். அவற்றில் 33 ஒரு நாளுக்குள் போயிருக்கின்றன. மிச்சம் இரண்டுக்கும் இரண்டு நாள். அந்த இரண்டும் ஒரே நாளில் வந்தவை. மறுநாள் தேதியில் உங்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை, அதாவது அன்றைக்குக் கூரியர்க்காரர் வரவில்லை. உங்கள் தப்பு இல்லைதான், ஆனாலும் வாங்கியவருக்குத் தாமதம் தாமதமே. கூரியர் ஒரு நாள் வராமல் போவது மறுபடியும் நடக்கும். அதைத் தாங்கத்தான் இரண்டாவது நாள். வெளியே இரண்டு என்று சொல்லுங்கள், உள்ளே ஒன்றுக்கே ஓடுங்கள்.

பெயர் போட்ட பைகளின் கதை வேறு. கையில் நிற்பதையும் சேர்த்து 16. ஒரு நாளில் போனது 2, இரண்டு நாளில் 7, மூன்று நாளில் 3, நான்கு நாளில் 2. அப்புறம் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆறில் ஒன்று, ஏழில் நிற்கும் அந்த ஒன்று. நான்குக்குப் பிறகு இருக்கும் அந்த இடைவெளியைக் கவனியுங்கள். "எதற்கும் ஐந்து என்று போட்டுக்கொள்வோம்" என்று தோன்றும். போட்டாலும் தாமதம் இரண்டாகவேதான் இருக்கும், ஒரு நாள் வீணாக நீட்டியதுதான் மிச்சம்.

ஏன் நான்கில் நிற்கிறது? உங்கள் பிரிண்ட் நாள்தான் காரணம். வெள்ளி காலை பிரிண்ட் முடித்த பிறகு மதியம் 12 மணிக்கு ஒரு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். சனி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, அன்று பிரிண்ட். காய்ந்து, புதன்கிழமை கூரியரில் ஏறும்போது நான்கு. செவ்வாய் மதியம் வருவதும் இப்படித்தான், சனிக்கிழமை போகும். இதைவிட மோசமான நேரத்தில் ஆர்டர் வர வழியில்லை. ஆக நான்கு என்பது உங்கள் வேலைமுறை தானாகவே தரும் எல்லை. அதை மூன்றாக்க வேண்டுமானால் வேகமாகத் தைத்துப் பயனில்லை, பிரிண்டுக்கு இன்னொரு நாள் கூட்டி, மூன்றையும் ஒரு வேலைநாள் விட்டு ஒரு வேலைநாளாக மாற்றிவைக்க வேண்டும். மாதம் 16 ஆர்டருக்கு அது தேவையா என்பது உங்கள் கணக்கு. என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம்.

மீதி அந்த இரண்டும் எல்லாவற்றையும் போன்ற தாமதம் இல்லை. பட்டியலின் ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள்: ஒன்றில் "பெயர் எழுத்து கேட்டேன், பதில் இல்லை", இன்னொன்றில் "பெரிய சைஸ் துணி இல்லை". கெடுவை நீட்டி இவற்றைச் சரிசெய்ய முடியாது. முதலாவதற்கு, ஆர்டர் போடும் இடத்திலேயே பெயரை எழுதச் சொல்லும் கட்டம் வையுங்கள், "நீங்கள் எழுதியபடியே அச்சாகும்" என்ற வரியோடு. அப்படி வைத்துவிட்டால் கேட்டுக் காத்திருக்கும் வேலையே இல்லை. அதுவரை, வாங்கியவரின் பதிலுக்காகக் காத்த நாளைக் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள்; பட்டியலின் ஓரத்தில் காரணம் மட்டும் எழுதுங்கள். கழிக்க ஆரம்பித்தால் எல்லாத் தாமதத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். இரண்டாவதற்கு, துணி இல்லாத சைஸைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி.

இலக்கு எத்தனை சதவீதம் என்றும் முடிவு செய்ய வேண்டும். நூற்றுக்கு நூறு வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாது. வெறும் பைக்கு 4 சதவீதத்துக்குள் தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதத்துக்கு ஒரு பார்சல் என்று அர்த்தம். பெயர் போட்டதற்குச் சதவீதமே போடாதீர்கள். 16 ஆர்டரில் ஒன்று தவறினால் 6 சதவீதம், இரண்டு தவறினால் 12.5. ஒரே ஒரு பார்சல் எண்ணை இப்படித் தூக்கியடிக்கும்போது, போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பதில் பொருளில்லை. "மாதம் ஒன்றுக்கு மேல் கூடாது" என்று வைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் சேர்ந்த பிறகு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு மாதப் பட்டியலுக்கு ஒரு குறை உண்டு. அது சாதாரண மாதம், ஆர்டர் குவியும் மாதத்தில் இந்த நான்கு தாங்காது. ஒரு காலையில் நீங்கள் எத்தனை பைக்குப் பிரிண்ட் போட முடியும் என்று எனக்கு எழுதவில்லை. அந்த எண்ணை எடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். அடுத்த பிரிண்ட் நாளுக்குக் காத்திருக்கும் ஆர்டர் அதைத் தாண்டிய நேரமே, அதற்குமேல் வருபவை இன்னொரு பிரிண்ட் நாளுக்குத் தள்ளிப்போகும். உங்கள் முறையில் அது மூன்று வேலைநாள். அப்போதே பக்கத்தில் நான்கை ஏழாக மாற்றிவிடுங்கள், வரிசை குறைந்ததும் திரும்ப நான்கு. ஏற்கெனவே வாங்கியவர்களுக்குச் சொன்ன கெடு மட்டும் மாறாது.

தினமும் காலையில் D நிரலைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, C காலியாக இருப்பவற்றை மட்டும் பாருங்கள். வெறும் பையில் 1, பெயர் போட்டதில் 3 என்று நின்றால் இன்றைக்கே கவனிக்க வேண்டியது அதுதான். அனுப்ப முடியாது என்று தெரிந்தால், வாங்கியவர் கேட்பதற்கு முன்னால், எந்தத் தேதியில் போகும் என்று நீங்களே மெசேஜ் போட்டுவிடுங்கள். தாமதக் கணக்கில் அது தாமதமாகவே இருக்கட்டும். ஏழு நாளாக நிற்கும் அந்தப் பெரிய சைஸ்காரருக்கு இன்றைக்கே எழுதுங்கள்: துணி வரும் தேதியைச் சொல்லி, காத்திருக்கிறாரா, வேறு சைஸ் வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா என்று கேளுங்கள்.